மச்சானை முந்த ஓடியது

துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மனைவி தஸ்ரினின் அண்ணன் சுஹைல், தினமும் குளச்சல் கடற்கரையில் ஓடினான். "எங்க காக்காவப் பாருங்க, தொப்பையே இல்ல" என்று அண்ணனைக் காட்டி தஸ்ரின் சொல்லிச் சொல்லியே என் வயிற்றெரிச்சலைக் கிளப்பினாள். அவனை முந்தியே தீருவதென்று நானும் இறங்கினேன்.

ஒருநாள் பாதி தூரத்திலேயே அம்மிக்கல்லை வைத்ததுபோல நெஞ்சு அழுத்தியது. என்றுமில்லாதபடி மூச்சு முட்டியது, இடது கை கனத்தது. இவன் முன்னால் நிற்பதா? வேகத்தைக் கூட்டினேன்.

"மச்சான், நில்லும்!" சுஹைல் என்னைப் பிடித்து மணலில் உட்கார வைத்தான்.

சிறிது நேரத்தில் அழுத்தம் விட்டது. "நேத்து தின்ன கல்யாண பிரியாணி. வாயுதான். வாரும், ஓடுவோம்" என்றேன்.

"ஓடும்போ அழுத்தி, சும்மா இருந்தா விடுதுன்னா அத வாயுன்னு விடக்கூடாது. இப்பமே பாக்கணும்" என்று 108-ஐ அழைத்தான்.

இதயக் குழாயில் பெரிய அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். "ஓட்டத்த நிறுத்தி உடனே கொண்டுவந்தது நல்லதாப் போச்சு" என்று டாக்டர் சுஹைலைத் தட்டிக்கொடுத்தார்.

தஸ்ரின் ஓடி வந்தாள். கட்டிலில் கிடந்தது நான். அவள் பிடித்துக்கொண்டு அழுததோ அவன் கையை.