முதல் ‘சரி’

முஹ்ஸின் ஹாஜியாரின் டைல்ஸ் மொத்தக் கடையில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. கடை பூட்டிய பிறகு அவர் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவு போட்டால், உடனே எல்லாரும் “சரி ஹாஜியார்” போட வேண்டும். முதல் ‘சரி’ யாருடையதோ, அவர்தான் நல்ல வேலையாள். என்ன வேலை பார்த்தார் என்பதெல்லாம் பிறகு.

லொறிகளுக்குச் சாமான் ஏற்றி அனுப்பும் ஞானேஸ்வரி ஐந்து மாதமாக அந்த முதல் ‘சரி’யை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. மாதக் கடைசியில் வேலை நிரந்தரமாக வேண்டுமே! செவ்வாய்க்கிழமை அம்பிட்டிய வீட்டில் தேங்காய்ப்பால் பிழிந்தபடி பதிவைப் பாதி கேட்டு ‘சரி’ போட்டாள். கேட்காத பாதியில் ஹாஜியார் இடத்தை மாற்றியிருந்தார். மடவளைக்குப் போக வேண்டிய லொறி தெல்தோட்டை மலையேறித் திரும்பி வந்தது.

வியாழன் மாலை அவர் மேசைக்கு முன் போய் நின்றாள்.

“பாதிதான் கேட்டேன் ஹாஜியார். தப்பு என்னோடதுதான்.”

“இனி கவனமா இருங்க மகள்.”

“அதுக்குத்தான் வந்தேன். மறுநாள் போற லோடு லிஸ்ட்ட தினமும் அஞ்சரைக்கு அனுப்புறேன். மாத்தணும்னா ஆறு மணிக்குள்ள சொல்லுங்க. அதுக்கப்புறம் வர்ற மெசேஜுக்கு, காலைல ஏழரைக்கு, லொறி ஏத்துறதுக்கு முன்னாடி பதில் போடுறேன். லொறி வழியில நின்னுட்டா எனக்கு போன்ல கோல் எடுங்க. எந்நேரமும் பேசுவேன்.”

“மத்தவங்க எல்லாம் உடனே பதில் போடுறாங்களே. உங்களுக்கு மட்டும் வேலைல அக்கறை இல்லையா?”

 அவள் நகரவில்லை. “அக்கறை இருக்கறதாலதான் கேக்குறேன். ரெண்டு கிழமை, பதினாலு நாள் பாருங்க. சரிவரலேன்னா என்னய நிரந்தரமாக்க வேணாம்.”

அவர் பில் புத்தகத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். அவள் ஐந்தரைக்கு லிஸ்டை அனுப்பிவிட்டு பஸ் ஏறினாள்.

ஏழு மணிக்குப் பதிவு வந்தது. ‘சரி’ ஒன்று, இரண்டு, ஆறு. கை துறுதுறுத்தது. போனை அலுமாரி மேல் கவிழ்த்து வைத்தாள். ஐந்து நிமிடத்தில் கோல் வந்தது. பாய்ந்து எடுத்தாள்.

“லொறி ஏதும் நின்னுருச்சா ஹாஜியார்?”

“இல்ல... எடுப்பீங்களான்னு பாத்தேன்.”

“எடுப்பேன்னு சொன்னேனே. மெசேஜ்ல உள்ளது அவசரமா?”

“நாளைக்கு லோடுதான். காலைல பாருங்க.” குரலில் என்ன இருந்ததென்று அவளுக்குப் பிடிபடவில்லை. அன்று சரியாகத் தூங்கவும் இல்லை.

காலை ஏழரைக்குப் பதிவை இரண்டு முறை முழுசாகக் கேட்டாள். மடவளை லொறியை ஒன்பதிலிருந்து பதினொன்றரைக்கு மாற்றியிருந்தார். அதற்குத்தான் ஆறு பேரும் ‘சரி’ போட்டிருந்தார்கள்!

குழுவில் எழுதினாள்: “ஹாஜியார், இன்னைக்கு வெள்ளிக்கிழமை. லொறி போய்ச் சேர்றப்ப மடவளையில ஜும்மாத் தொழுகைக்குக் கடை பூட்டியிருப்பாங்க. ஒன்பதுக்கே அனுப்பவா?”

 இந்த முறை முதலில் பதில் போட்டது ஹாஜியார்தான்.

“சரி ஞானேஸ்வரி.”