ஓடையில் போன எண்ணெய்

என் பெண்டாட்டி பங்காரம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது சருகு வாரப் போன ஐந்தாம் நாள். அரிசி மாவில் கடுபு அவித்துக்கொண்டிருந்தவள் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "தலைய யாரோ உரல்ல போட்டு இடிக்கிறாங்க" என்றாள். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். தொட்டால் கை சுடுகிறது.

எங்கள் மலைப் பக்கத்தில் தை மாதத்தில் இப்படிக் காய்ச்சல் வந்தால் பேரைச் சொல்ல யாரும் டாக்டருக்குக் காத்திருப்பதில்லை. குரங்குக் காய்ச்சல். காட்டில் குரங்கு செத்து விழும், பத்துப் பதினைந்து நாளில் ஊரில் ஆள் விழும். குரங்கு கடிப்பதனால் வருவதில்லை. அதன் உடம்பில் இருக்கும் உண்ணி, குரங்கு செத்ததும் இறங்கிச் சருகுக்குள் போய்விடும். எள்ளுப் போல இருக்கும் குட்டி உண்ணி. கடித்தால் வலிக்காது. கண்ணுக்குத் தெரியும் முன்னே வேலை முடிந்திருக்கும்.

பாக்குத் தோட்டத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் சருகு வேண்டும். மார்கழி, தை இரண்டு மாதத்துக்குள் வாராவிட்டால் வருஷம் முழுதும் இல்லை. அதனால் போகாமல் இருக்க முடியாது. நான், பங்காரம்மா, பக்கத்து வீட்டுக் குலாபி, மூன்று பேரும் ஒன்றாகத்தான் போனோம். ஒரே காடு, ஒரே சருகு. எனக்கு ஒன்றுமில்லை. குலாபிக்கும் ஒன்றுமில்லை. இவளுக்கு மட்டும் ஏன்?

இந்தக் கேள்வி எனக்குள் உண்ணி போலவே ஒட்டிக்கொண்டது.

காய்ச்சலின் நான்காம் நாள் பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம். மதியம் மூக்கிலிருந்து. துணியை மடித்து வைத்தேன், நனைந்தது. இன்னொன்று வைத்தேன். அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. ஜீப் பிடித்து மலை இறங்கிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

அங்கே நாயக் என்று ஒரு பெண் டாக்டர். சின்ன வயது. ரத்தம் எடுத்தார்கள், சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் நான் அவரை வராந்தாவில் மறித்தேன்.

"ஊசி எப்ப போடுவீங்க?"

"எந்த ஊசி?"

"இந்தக் காய்ச்சலுக்கான ஊசிதான்."

"இந்தக் கிருமியைக் கொல்ற மருந்து எங்ககிட்ட இல்லீங்க. யாருகிட்டயும் இல்ல. தண்ணிச் சத்துக் குறையாம பாத்துக்கலாம். ரத்தம் உறைய வைக்கிற அணு குறைஞ்சா ஏத்தலாம். சண்டை போட வேண்டியது அவங்க உடம்புதான்."

"மருந்து இல்லன்னா எதுக்கு இத்தனை மாடி கட்டி வச்சிருக்கீங்க?"

அவர் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. "தடுப்பூசி போட்டீங்களா?" என்றார்.

"போட்டோம். புரட்டாசியில."

"எத்தனை?"

ஒற்றை விரலைக் காட்டினேன். முதல் ஊசி போட்டதும் கை மூன்று நாள் பூசணிக்காயாக வீங்கியது. ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசிக்கு வண்டி வந்தபோது நானும் பங்காரம்மாவும் பாக்குத் தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். பயமில்லை. ஊசி போடுகிறவன் தன் கையில் போட்டுக்கொண்டு காட்டட்டும் என்று சொன்னவன் நான்தான்.

"ஒண்ணு போட்டா அரைக்கிணறு தாண்டின மாதிரிதான்," என்றார் டாக்டர். "ரெண்டு போட்டு, ஆறேழு மாசத்துல இன்னொண்ணு போட்டு, அப்புறம் வருஷா வருஷம். அப்பவும் முழுசாக் காக்கும்னு சொல்ல மாட்டேன். அதனாலதான் காட்டுக்குப் போறப்ப உடம்புல பூசிக்க எண்ணெயும் தர்றோம். உண்ணி ஒட்டாம இருந்தா கிருமி எப்படி உள்ள வரும்? வந்தபிறகு எங்க கையில பெரிசா ஒண்ணும் இல்ல. அதனால வர்றதுக்கு முந்தியே நிக்கணும்."

"எண்ணெய் பூசினோமே! ரெண்டு பேரும்தான் பூசினோம். எனக்கு ஏன் வரல?"

"தெரியலியே," என்றார்.

தெரியாது என்று சொன்ன முதல் டாக்டர். அவரை அன்றைக்குத்தான் கொஞ்சம் நம்பினேன்.

மகள் வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்ததும், மாட்டுக்குத் தண்ணீர் காட்ட நான் ஊருக்கு வந்தேன். வாசலில் குலாபி.

"அக்கா எப்படி இருக்கா?"

"மூச்சு இருக்கு."

"சௌடம்மா கோபம் மாமா. நீங்க பண்ற அட்டூழியத்துக்கு அக்கா படறா."

காட்டுக்குள் போகும் முன் ஓடை ஒன்று குறுக்கே வரும். அக்கரையில் மாமரத்தடியில் எங்கள் காட்டம்மன் சௌடம்மாவின் கல். ஓடையில் முழங்கால் வரை மண்ணால் தேய்த்து அலம்பிவிட்டுத்தான் அவள் எல்லையில் மிதிக்க வேண்டும். எல்லோரும் அலம்புவார்கள். நான் அலம்புவதில்லை. பக்தி விரோதம் ஒன்றுமில்லை. என் குதிகால் வெடிப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டைப்பாக்கை வைக்கலாம். தை மாதத்து ஓடைத் தண்ணீர் அதில் பட்டால் உயிர் போகும். கல்லுக்குக் கல் தாவிப் போய்விடுவேன். பங்காரம்மா தினமும் திட்டுவாள். "எண்ணெய்க் காலோட அம்மன் மண்ணை மிதிக்கிறீங்களே, வெக்கமில்ல?"

குலாபியிடம் சொன்னேன்: "கோபம்னா என்னைத்தானே அடிக்கணும்? அலம்பினவளை அடிச்சு, அலம்பாதவனை விடுறது என்ன நியாயம்?"

சொல்லி வாயை மூடுமுன் எனக்குள் ஏதோ பொறி தட்டியது.

"குலாபி, உனக்கு உண்ணி கடிச்சுதா?"

"கடிக்காம? அன்னிக்கி மூணு பிடுங்கினேன். ரெண்டு முழங்காலுக்குப் பின்னால, ஒண்ணு இடுப்புல."

"எண்ணெய் பூசிட்டுத்தானே வந்தே?"

"வீட்லயே பூசிட்டுத்தான். நாத்தம் குடலப் புரட்டிச்சு."

என் காலில் அன்றைக்கு ஒரு உண்ணிகூட இல்லை.

மறுநாள் மஞ்சய்யா வந்தான். சுகாதார நிலையத்துக்காரன். யாருக்காவது காய்ச்சல் என்றால் காட்டில் செத்த குரங்கு தேடவும், உண்ணி பிடிக்கவும் வருவான். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் வெள்ளைத் துணி. அந்தத் துணியைச் சருகுமேல் இழுத்துக்கொண்டு நடப்பான். ஆள் போகிறது என்று உண்ணி ஏறி ஒட்டிக்கொள்ளும். எண்ணி, சீசாவில் போட்டு அனுப்புவான். நாங்கள் அவனை வண்ணான் என்று கிண்டல் செய்வது வழக்கம்.

"மஞ்சய்யா, எனக்கு ஒரு சந்தேகம். என் காலை வச்சுப் பாக்கலாம். இந்தக் கால்ல எண்ணெய் பூசி அலம்பறேன், அந்தக் கால்ல அலம்பல. உள்ள போய் எண்ணு."

"ஏ மாராயா," என்றான். யாரையும் அவன் அப்படித்தான் 'மகராசா' போட்டுக் கூப்பிடுவான். "ஒரு ஊசியோட ஓடினவன் நீ! காய்ச்சல் வந்தா ரிப்போர்ட் எழுதறது நான். போ, வேற ஆளப் பாரு."

"அப்ப உன் துணியைக் கொடு."

"எதுக்கு?"

சொன்னேன். மஞ்சய்யா துணியை மூன்றாகக் கிழித்தான். என்னிடமும் ஒரு ஜோடி பூட்ஸைத் தூக்கிப் போட்டான்.

ஒரு துண்டை அப்படியே விட்டோம். இரண்டில் அந்த எண்ணெயைப் பூசினோம். அதில் ஒன்றை நான் ஓடையில் போட்டு, காலைத் தேய்ப்பது போலவே மண்ணால் தேய்த்து அலசினேன். தண்ணீர்மேல் எண்ணெய் வானவில் மாதிரி மிதந்து போனது. எத்தனை வருஷமாய் அந்த ஓடையைத் தாண்டுகிறேன், அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயிலில் காயவைத்து, மூன்றையும் ஒரே கோலில் பக்கத்தில் பக்கத்தில் கட்டி இழுத்தோம். மூங்கில் புதர் வரை போய், துணியின் இடத்தை மாற்றிக் கட்டித் திரும்பி வந்தோம்.

மஞ்சய்யா இடுக்கியால் எண்ணினான். நானும் எண்ணினேன், அவனை நம்பி ஆகாது.

வெறுந்துணியில் இருபத்தியிரண்டு. அலசிய துணியில் பதினேழு. எண்ணெய்த் துணியில் இரண்டு.

"ஐயோ மாராயா," என்றான் மஞ்சய்யா. "நாலு வருஷமா எண்ணெய் கொடுக்கிறேன். எல்லாம் ஓடைக்குத்தான் கொடுத்திருக்கேனா?"

"வீட்லயே பூசிக்கங்கன்னு நீதானே சொன்னே?"

"இங்க அலம்புவீங்கன்னு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. ஊரில் எண்ணெய் ஏமாற்று என்று பேசிக்கொண்டோம். ஆபீசில் ஜனங்கள் பூசுவதே இல்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

திரும்ப மலை இறங்கி, பங்காரம்மாவின் கட்டிலருகே வந்த டாக்டரிடம் சொன்னேன். கதை கேட்கிற பிள்ளை போலக் கேட்டார். "குலாபிக்கும் கடிச்சுதே," என்றேன், "அவ ஏன் படுக்கல?"

"அவங்க ஊசி?"

"முந்தின வருஷமே ரெண்டும் போட்டா. மூணாவதும்."

"அது காத்திருக்கலாம். இல்ல, அவங்களைக் கடிச்ச உண்ணியில கிருமியே இல்லாம இருந்திருக்கலாம். ஒரு ஆளை வச்சுச் சொல்ல முடியாது. உங்க துணிக் கணக்கு மாதிரி நிறையப் பேரை வச்சுத்தான் எண்ணணும்."

பங்காரம்மா கண் திறந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். உதட்டில் காய்ந்த ரத்தம். "அப்ப கால் அலம்பினதுதான் தப்பா?" என்றாள், மெதுவாக.

டாக்டர் குனிந்தார். "அலம்பினது தப்பில்லம்மா. அலம்பிட்டுப் பூசணும். மத்தியானம் வேர்த்ததும் இன்னொரு தடவை."

அடுத்த நாள் ரத்தம் நின்றது. அதற்குள் டாக்டர் சொன்ன அந்த ரத்த அணு இரண்டு பை ஏற்றியிருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தாள். ஒரு வாரம் கஞ்சியும் மாவடு ஊறுகாயுமாக நன்றாக இருந்தாள். அப்புறம் திரும்பவும் காய்ச்சல், கை நடுக்கம், மண்டைவலி. இப்படி இரண்டாம் சுற்று சிலருக்கு வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லியிருந்தும் நான் அந்த ஐந்து நாளும் அவள் மூச்சைத்தான் எண்ணினேன். ஆறாம் நாள் எழுந்து, "மாட்டுக்கு யாரு சருகு போட்டது, இப்படியா போடுவாங்க?" என்று திட்டினாள். அப்போதுதான் நான் சாப்பிட்டேன்.

ஆவணியில் ஊசி வண்டி வந்தது. பாக்குத் தோட்டத்துப் பக்கம் என் கால் தானாகத் திரும்பியது. பங்காரம்மா வழியில் நின்றாள். அவளுக்கு வந்து போனதால் ஊசி வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தைரியம்.

"எங்க போறீங்க?"

"பாக்கு விழுந்திருக்கான்னு..."

"எனக்கு உடம்பெல்லாம் ரத்தம் போச்சு. உங்களுக்குக் கை வீங்கினா என்ன? நில்லுங்க வரிசையில."

நின்றேன். கை வீங்கியது. மாதம் கழித்து இரண்டாவதும் போட்டேன். அதுவும் வீங்கியது. அதை இன்றைக்கும் நல்ல ஊசி என்று சொல்ல மாட்டேன். மருந்தே இல்லாத காய்ச்சலுக்குக் கை வீங்குவது மேல், அவ்வளவுதான்.

மார்கழியில் மறுபடி சருகுக்குப் போனோம். எண்ணெய்ப் பாட்டில் வீட்டிலிருந்து கிளம்பி இப்போது சௌடம்மாவின் மாமரத்துப் பொந்தில் இருக்கிறது. மஞ்சய்யாவே கொண்டுவந்து வைத்தான். குலாபி காலைத் தேய்த்து அலம்பினாள், அக்கரை ஏறித் துடைத்தாள், பூசினாள். "அம்மன் எதிரே இந்த நாத்தத்தையா?" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் பூசினாள்.

பங்காரம்மா கடைசியாக ஏறினாள். இன்னும் மெலிவுதான். பாதம், கணுக்கால், முழங்காலுக்குப் பின்புறம், இடுப்பு மடிப்பு, கழுத்து, ஒரு இடம் விடாமல் தேய்த்தாள். உள்ளங்கையில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதை வீணாக்குகிறவள் இல்லை. கல்லின் அடியில் குனிந்து, அம்மனுக்குக் கால் இருக்க வேண்டிய இடத்தில் பூசினாள்.

"என்னடி பண்றே?" என்றேன்.

"அவளும் நாள் பூரா காட்லதானே நிக்கிறா," என்றாள். சருகுக் கூடையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.