ஒன்று புள்ளி இரண்டு

சாயப்பட்டறையில் அவளுக்கு டெல்ட்டாக்கா என்று பெயர் வைத்தவர் டையிங் மாஸ்டர். வாயாரச் சொன்ன பெயர் இல்லை, வயிறெரிந்து சொன்ன பெயர். அவர் சாயம் போட்ட துணி லாட்டை லேபில் அவள் பாஸ் செய்தால்தான் துணி வெளியே போகும். ஒரு தடவை ஒரு சாம்பல் நிற லாட்டுக்கு, நிறம் அளக்கும் மெஷின் டெல்ட்டா ஈ ஒன்று புள்ளி ஒன்று என்று காட்டியது. வாங்குபவரோடு பேசி வைத்த எல்லை ஒன்று வரைக்கும்தான். அந்தப் புள்ளி ஒன்றுக்காக முழு லாட்டையும் திருப்பி அனுப்பினாள். மாஸ்டர் துணியையும், வாங்குபவர் தந்த ஒரிஜினல் துண்டையும் பக்கம் பக்கமாக வைத்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், போட்டுப் பார்த்தார்.

"ஏம்மா, கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியலயே."

"கண்ணு சமாதானம் ஆயிடும் மாஸ்டர். மெஷின் ஆகாது."

அன்றைக்கு வந்த பெயர்தான். அந்த மெஷின் பெரிய மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. துணியின் மேல் வெளிச்சம் பாய்ச்சி, திரும்பி வருவதை அளந்து, மூன்று எண் தரும்: எவ்வளவு வெளிர், சிவப்பா பச்சையா, மஞ்சளா நீலமா. இரண்டு துணியின் மூன்று எண்களுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்பதுதான் டெல்ட்டா ஈ. தூரம் கூடினால் நிறம் விலகிவிட்டது. அவ்வளவுதான்.

தூரம் என்றால் என்ன என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. புருஷன் சரக்குக் கப்பலில். போய் இரண்டு வருஷம் நான்கு மாதம். ஒன்பது மாத ஒப்பந்தம் என்று போனவர். அது நீண்டது, பிறகு இன்னொரு கப்பல், அதுவும் நீண்டது. தெருவில் யாரும் எதுவும் கேட்பதில்லை, ஆனால் அவள் போன பிறகு எல்லாவற்றையும் பேசிக்கொள்வார்கள். வீட்டிலிருக்கும் மாமியாரோ, "எம் மகன் தண்ணியிலயே பொறந்திருக்கலாம்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள்.

அவர் கிளம்பிய நாளில் இரண்டு பேரும் ஒரே லாட் துணிதான் உடுத்தியிருந்தார்கள். நானூற்றுப் பதினேழாம் ஷேடு, மயில்கழுத்து நிறம். அவருக்கு ஒரு சட்டை, அவளுக்கு ஒரு சால்வை. துறைமுக கேட்டில் கூட்டத்துக்கு நடுவே அவர் திரும்பிப் பார்த்துத் தேடியபோது, அந்த நிறத்தை வைத்துத்தான் அவளைக் கண்டுபிடித்தாராம். திரும்பி வரும்போதும் அதே சால்வையோடு நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். போன வருஷம் லேபில் பிளீச் தெறித்து சால்வை வீணாய்ப் போனது. அதை அவரிடம் சொல்லவில்லை. இன்னொன்று சாயம் போட்டுக்கொண்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

மீதித் துணியில் ஒரு கை அகலத் துண்டை, அவர் போன மறுநாளே லேப் ஜன்னலோரம் குத்தி வைத்திருந்தாள். தினமும் அதைப் பார்த்துத்தான் வேலையைத் தொடங்குவாள். இந்த மாதக் கடைசியில் வருகிறேன் என்று அவர் போனில் சொன்னதும், முதலாளியிடம் கேட்டு, சின்னச் சாயக் குடுவையில் வெள்ளைச் சால்வைத் துணிக்கு மாதிரி போட்டாள். ஜன்னல் துண்டைப் பக்கத்தில் வைத்து, கண்ணாலேயே நிறம் பார்த்துக்கொண்டாள். ஊருக்குத்தானே உபதேசம்.

மூன்றாவது மாதிரி அச்சாகப் பொருந்தியது. அதோடு விட்டிருக்கலாம். கை சும்மா இருக்காமல் மாதிரியை நாலாக மடித்து மெஷினில் வைத்தாள். ஒப்பிட நானூற்றுப் பதினேழின் பதிவு மெஷினிலேயே இருந்தது, இரண்டு வருஷத்துக்கு முன் அவளே அளந்து வைத்தது.

நான்கு புள்ளி ஆறு.

வெள்ளைப் பீங்கான் வில்லையை வைத்து மெஷினைச் சரிபார்த்தாள். துணியைத் திருப்பி வைத்தாள், இன்னொரு மடிப்பு மடித்தாள். நான்கு புள்ளி ஆறுதான். அந்த வழியாக வந்த மாஸ்டர் எட்டிப் பார்த்தார். இப்படியொரு நாளுக்காக எத்தனை காலம் காத்திருந்தாரோ.

"கண்ணு என்ன சொல்லுது டெல்ட்டாக்கா?"

"மெஷின்ல ஏதோ கோளாறு மாஸ்டர்."

இதைச் சொன்ன வாய் அவள் வாய்தானா என்று அவளுக்கே சந்தேகம். மாஸ்டர் சிரிக்கவில்லை. ஜன்னலில் இருந்த துண்டை ஊசியைப் பிடுங்கி எடுத்து, மெஷினுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

துண்டையும் அளந்தாள். மாதிரிக்கும் துண்டுக்கும் புள்ளி ஐந்து. துண்டுக்கும் பழைய பதிவுக்கும் நான்கு புள்ளி நான்கு. வெளிர் கூடி, செறிவு குறைந்திருந்தது. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. இரண்டு வருஷ வெயில் அந்தத் துண்டைத் தின்றிருந்தது. தினமும் பார்த்தவளுக்குத் தெரியவில்லை. தினமும் பார்த்ததால்தான் தெரியவில்லை.

ஊசி குத்தியிருந்த மூலையைத் தடவிப் பார்த்தாள். இவ்வளவு நாளும் அவள் ஏங்கிக்கொண்டிருந்தது எந்த நிறத்துக்கு?

அன்று போனில் கேட்டாள், அந்தச் சட்டை எப்படி இருக்கிறது என்று.

"அப்படியேதான் இருக்கு."

"நீங்க?"

"நானும் அப்படியேதான்." அப்புறம் கப்பல் இரைச்சல். முன்பெல்லாம் ஒரு மணி நேரம் பேசுவார். இப்போது பத்து நிமிஷத்தில் பேச்சு தீர்ந்துவிடுகிறது. அப்படியே என்ற சொல்லை அவள் இனி முழுசாக நம்புவதாக இல்லை. சட்டையின் கீழ் ஓரத்து மடிப்பில் இரண்டு விரல் அகலம் வெட்டி அனுப்பச் சொன்னாள்.

"சட்டைய வெட்டவா? உனக்கு என்ன ஆச்சு?"

"வேலைக்கு வேணும்." வேறெப்படிச் சொல்வது?

பதினெட்டு நாளில் ஊர் திரும்பிய கப்பல்காரர் ஒருவர் உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரு சேதி: மாதக் கடைசி இல்லை, இன்னும் மூன்று மாதம். கேட்ட மாமியார் அடுப்பைத் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள்.

மறுநாள் லேபில் அந்தத் துண்டின் மடிப்புத் தையலைப் பிரித்தாள். வெளியே தெரிந்த பக்கம் உப்பும் வெயிலும் சேர்ந்து அடித்துத் துவைத்திருந்தது. சின்னத் துண்டுகளுக்கான துளையை மெஷினில் பொருத்தி, பழைய பதிவோடு அளந்தாள்: எட்டு புள்ளி மூன்று. அது சட்டையே இல்லை, சட்டையின் ஞாபகம். பிறகு மடிப்புக்குள் ஒளிந்திருந்த பக்கத்தை மேலே திருப்பி, மூன்று இடத்தில் அளந்து சராசரி எடுத்தாள்.

ஒன்று புள்ளி இரண்டு.

இத்தனை துவைப்புக்கும் அவ்வளவுதான். வாசலில் மாஸ்டர் நிற்பது தெரிந்தது. இப்போதெல்லாம் காரணம் இல்லாமலே வந்து நிற்கிறார்.

"எவ்வளவு?"

சொன்னாள்.

"ஒண்ணைத் தாண்டிடுச்சே. அப்ப ரிஜெக்ட்டா?"

"பாஸ்."

மாஸ்டர் வாயைத் திறந்தார். அந்தச் சாம்பல் லாட் அவர் நாக்கின் நுனி வரைக்கும் வந்ததை அவள் பார்த்தாள். என்ன நினைத்தாரோ, விழுங்கிக்கொண்டு போய்விட்டார். மனிதர் அவ்வளவு மோசமில்லை.

பழைய பதிவை வைத்தே சால்வைக்குச் சாயம் போட்டாள். புள்ளி மூன்று. காய்ந்ததும் விரித்துப் பார்த்தவளுக்கு அந்த நிறம் அந்நியமாக, கொஞ்சம் அதிகப்படியாக இருந்தது. கண் இன்னும் ஜன்னல் துண்டோடுதான் இருக்கிறது. பழகட்டும், மூன்று மாதம் இருக்கிறதே.

சால்வையை ஜன்னலோரம் வைக்கவில்லை. ஒரிஜினல்களை வைக்கிற கறுப்பு உறையில் போட்டு, வெளிச்சம் படாத இழுப்பறையில் பூட்டினாள். திங்கட்கிழமைதோறும் எடுத்து ஒரு தடவை அளக்கிறாள். அளந்ததும் போர்த்திப் பார்ப்பதில்லை, சீக்கிரம் உறையில் வைத்துவிடுகிறாள். ஆனாலும் உறையை மூடுவதற்கு முன் முகத்தை உள்ளே நுழைத்து, ஒரு நிமிஷம் அப்படியே இருக்கிறாள் என்று மாஸ்டர் சொன்னார். மெஷினில் அதற்கு எண் கிடையாது.