ஒரே நொடியில் எடுத்த படங்கள்

காரிமங்கலத்தில் ஒரு ஸ்டூடியோவில் யுவராணிக்கு எடிட்டிங் வேலை. கல்யாணங்களில் எடுக்கும் நூற்றுக்கணக்கான போட்டோக்களுக்கு, எடுத்த தேதியையும் நேரத்தையுமே பெயராக வைக்கும் பேஷ் ஸ்கிரிப்ட் என்ற சிறு கணினி நிரலை அவளே எழுதியிருந்தாள்.

போன கல்யாணத்துக்குக் கேமராமேனாகப் போனவர் மாதேஸ்வரன். அதில் தாலி கட்டும் படங்கள் பலவற்றைக் காணவில்லை. "மாதேஸ்வரண்ணன் எடுக்கவே இல்லைங்க" என்று முதலாளியிடம் சொன்னாள். அடுத்த கல்யாணத்துக்கு முதலாளி வேறொரு கேமராமேனை அனுப்பினார்.

அந்தப் புதுப் படங்களுக்காக ஸ்கிரிப்டில் ஓர் ஒத்திகையைச் சேர்த்தாள். அது எதையும் மாற்றாமல், எந்தப் படம் என்ன பெயராகும் என்று திரையில் காட்டும். ஓட்டிப் பார்த்தால், ஒரே நொடியில் எடுத்த மூன்று படங்களுக்கும் ஒரே பெயர் வந்தது. நிஜமாக ஓட்டியிருந்தால் ஒன்றை ஒன்று அழித்து, கடைசிப் படம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

போன கல்யாணத்துத் தாலிப் படங்களும் இப்படித்தான் போயிருந்தன. முதலாளியிடம் உண்மையைச் சொல்லிவிட்டு மாதேஸ்வரனுக்குப் போன் செய்தாள்.

"அண்ணா, நீங்க எடுத்திருந்தீங்க. என்னோட ஸ்கிரிப்ட்தான் அழிச்சிருச்சு. கேமரா கார்டுல இன்னும் இருக்குதுங்களா?"

"நீ காப்பி பண்ணதுமே பார்மட் பண்ணி எல்லாத்தையும் அழிச்சுட்டேம்மா. பட்டனை அழுத்துனமா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சு."

"மன்னிச்சிருங்கண்ணா."

"பொண்ணு வூட்லயும் சொல்லிரும்மா. அவங்க என்னையத்தான் திட்டிட்டிருக்காங்க."

ஒரே நொடிப் படங்களுக்கு வரிசை எண் சேர்த்து மறுபடி ஒத்திகை ஓட்டினாள். எல்லாப் பெயர்களும் தனித்தனியாக வந்தன. ஆனாலும் படங்களை வேறொரு டிஸ்கில் நகலெடுத்த பிறகுதான் நிஜமாக ஓட்டினாள். அப்புறம் பெண் வீட்டு எண்ணை அழுத்தினாள்.