அரை உப்பு டப்பா

அந்த மின்னஞ்சலில் டப்பாக்கா தானாகச் சேர்த்தது ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அவள் ஓரகத்தியின் கைவண்ணம். வினையாய் வந்து சேர்ந்தது அந்த ஒரு வரிதான்.

வீட்டு அடுப்பில் சமைத்து அலுவலகத்துக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவள் என்பதால் அவளுக்கு டப்பாக்கா என்று பெயர் வந்துவிட்டது. அலுவலகம் என்றால் பத்து இருபது இல்லை, ஒன்றே ஒன்று. ஒரு பெரிய கம்பெனியின் கிளை. இரண்டு வருடமாக இருபத்திரண்டு டப்பா. காலையில் கட்டி முடித்தால் பன்னிரண்டரைக்குள் அவள் வீட்டுக்காரர் ஸ்கூட்டரில் கொண்டுபோய் இறக்கிவிடுவார். அங்கே நிர்வாகம் பார்த்தவருக்கு ரத்தக் கொதிப்பு. அதனால் உப்புப் போடுவதற்கு முன்பே அவருக்கென்று கொஞ்சம் பருப்பும் காயும் தனியாக எடுத்து, அரை உப்பு மட்டும் போட்டு, அந்த டப்பாவுக்குச் சிவப்பு ரப்பர் பேண்ட் மாட்டுவாள். டப்பாக்கா வீட்டில் அவருக்குப் பெயரே அரை உப்பு சார்.

"ஒரே ஆபீஸை நம்பி எத்தனை நாளைக்குக்கா?" என்று ஓரகத்தி கேட்டது நியாயம்தான். உட்கார்ந்து மற்ற அலுவலகங்களுக்கு மின்னஞ்சல் தட்டினாள். வார மெனு, குறைந்தது பதினைந்து டப்பா, முந்தின நாள் மாலை ஐந்துக்குள் எண்ணிக்கை சொல்ல வேண்டும், கூட்டம், விழா என்றால் நான்கு நாள் முன்னால், உணவு உரிம எண், ருசி பார்க்க இலவசமாக இரண்டு டப்பா. கச்சிதமாகத்தான் எழுதியிருந்தாள்.

"இதுல நம்மள நம்புறதுக்கு ஒண்ணுமே இல்லையே," என்றாள் டப்பாக்கா. "சாரோட பேரையும் நம்பரையும் போடு. ரெண்டு வருஷமா அவங்க கிளைக்குக் குடுக்கறோம், அவரையே கேட்டுக்கலாம்னு எழுது."

பதினொரு அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். அதில் ஒன்று அந்தக் கம்பெனியின் தலைமை அலுவலகம்.

தெரியாமல் செய்தாள் என்றால் மனம் ஆறிவிடும். தெரிந்தேதான் செய்தாள். கம்பெனி எல்லாக் கிளைக்கும் ஒரு பெரிய கேண்டீனோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. அது ஆறிப்போய் வருகிறது, யாரும் வாய் வைப்பதில்லை என்று தன் கிளைக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டு, மேலே கேட்காமல் இவளைச் சேர்த்தவர் அரை உப்பு சார். "இது நமக்குள்ள இருக்கட்டும்மா. நேரம் பாத்து நானே மேல சொல்றேன்," என்று ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அனுப்பும்போது அது அவளுக்கு ஞாபகம் வந்தது. அவர்கிட்ட கேட்டால் வேண்டாம் என்பாரே என்ற பயமும் கூடவே வந்தது. அதனால் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்தது என்று பிறகு எத்தனையோ முறை சொல்லிக்கொண்டாள். கண் நன்றாகத் தெரிந்துதான் இருந்தது.

பதினொன்றில் பதில் போட்டது தலைமை அலுவலகம் மட்டும். கொள்முதல் பிரிவு. எங்கள் கிளைக்கு நீங்கள் சாப்பாடு தருவதை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தோம், எந்தத் தேதியிலிருந்து என்று தெரிவிக்கவும் என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். ஓரகத்தியும் அவளும் தலைகால் புரியாத சந்தோஷத்தில் இரண்டு வருடக் கணக்கையும் தேதிவாரியாக அனுப்பிவைத்தார்கள்.

அடுத்த வாரம் சார் போன் செய்தார்.

"என்னை ஊருக்கு வெளிய இருக்கற கிடங்குக்கு மாத்திட்டாங்கம்மா. திங்கள்ல இருந்து அங்கதான்."

"சார், நான்..."

"உங்க சாப்பாட்டைக் குறை சொல்லல. அனுமதி இல்லாம வாங்கினேன்ல, அதுக்கு. நீங்க பெருசா வரணும்னு எனக்கும் ஆசைதான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

திட்டியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். அவர் திட்டவில்லை. போனை வைத்த பிறகும் அடுப்பை அணைக்கத் தோன்றாமல் அப்படியே நின்றாள்.

கொடுமை என்னவென்றால், அந்த வாரமே தலைமை அலுவலகத்துக்காரர்கள் வந்து சமையலறையைப் பார்த்தார்கள், ருசி பார்த்தார்கள், அவளை முறைப்படி பதிவு செய்துகொண்டார்கள். கிளைக்கு வழக்கம்போல இருபத்திரண்டு, அவர்களுக்கு எழுபது. கேட்டது கிடைத்துவிட்டது. யாரிடம் போய்ச் சொல்லி வருத்தப்படுவது?

திங்கட்கிழமை உதவிக்கு ஓரகத்தியும் வந்தாள். தொண்ணூற்றிரண்டு டப்பாவும் நேரத்துக்குக் கிளம்பின. ஒரு மணிக்கு வீட்டுக்காரர் கிளையிலிருந்து கூப்பிட்டார்.

"சிவப்பு ரப்பர் பேண்ட் போட்ட டப்பா புதுசா வந்த சார் கையில போயிருச்சு. உப்பு போட மறந்துட்டீங்களான்னு கேக்கறாரு. என்ன சொல்ல?"

அவள் கையைப் பார்த்தாள். காலையில் காயை எப்போது தனியாக எடுத்தாள், ரப்பர் பேண்டை எப்போது மாட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. கை பழக்கத்தில் செய்திருக்கிறது. மின்னஞ்சல் அனுப்பும் நேரத்தில் அவரை நினைக்க வேண்டியவள் நினைக்கவில்லை, கை மட்டும் அவரை விடாமல் நினைத்திருக்கிறது.

"மறந்துட்டேன்னு சொல்லுங்க," என்றாள்.