கதவை விட்டு விலகி

பார்லர்க்காரி வாயை மூடிக்கொண்டு முடி வெட்டியதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பார்கள் அல்லவா, அவள் பெற்ற மகள் முப்பத்திரண்டு அடி பாய்கிற ரகம். பத்தாம் வகுப்பு படிக்கிற அந்தப் பெண்ணுக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லோரும் வைத்திருந்த பெயர் புயல்.

புயல் கரையைக் கடந்த கதை இதுதான். தோழிகள் ஒன்றுசேர்ந்து அவளை வாட்ஸ்அப் குழுவிலிருந்து தூக்கிவிட்டார்கள். போனைச் சுவரில் அடித்தாள், வாசல் கதவைப் பார்த்து ஓடினாள். எங்கே போய் என்ன செய்துகொள்வாளோ என்று அம்மாவுக்கு ஈரக்குலை நடுங்கியது. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு கதவை மறித்து நின்றாள். மகள் தள்ளினாள். விழுந்ததில் அம்மாவின் வலது மணிக்கட்டு முறிந்தது, மாவுக்கட்டோடு பார்லரும் மூடிக் கிடந்தது.

கப்பலில் வேலை பார்க்கிற கணவன் போனில் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். "அக்காகிட்ட அனுப்பிடு." அக்கா வேறு ஊரில் பள்ளி விடுதிக்கு வார்டன். அவள் பார்த்தால் விளக்குகூட தானாக அணையும் என்று விடுதியில் பேச்சு. பார்லர்க்காரி கெஞ்சிக் கூத்தாடி, பரீட்சை முடியும்வரை அவகாசம் வாங்கினாள். அந்த அக்கா, இவளுக்கு அண்ணி, வந்து பார்ப்பாள், பார்த்துவிட்டு முடிவு செய்வாள் என்பது ஏற்பாடு.

அந்த அவகாசத்தில்தான் மருத்துவமனை வகுப்பில் சேர்ந்தார்கள். உணர்ச்சி பொங்கி எதையாவது செய்துவிட்டு அப்புறம் அழுகிற பிள்ளைகளுக்கான வகுப்பு. வேடிக்கை என்னவென்றால், பெற்றவர்களும் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும், வீட்டுப்பாடமும் செய்ய வேண்டும். "நோய் அவளுக்கு, மருந்து எனக்கா?" என்று முதல் நாளே பார்லர்க்காரி முணுமுணுத்தாள். ஆனால் ஒரு வாரமும் தவறவில்லை.

தவறவில்லையே தவிர, கற்றதைத் தப்பாகப் பிடித்துக்கொண்டாள். கோபம் உச்சிக்கு ஏறினால் குளிர்ந்த தண்ணீரில் முகத்தை வைத்து மூச்சைப் பிடித்தால் உடம்பு சட்டென்று அடங்கும் என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். மகள் குரலை உயர்த்தியதும் இவள் ஐஸ் கிண்ணத்தோடு ஓடினாள். "படிச்சதெல்லாம் எங்கடி போச்சு? மூஞ்சிய இதுல வை." கிண்ணம் பறந்து சன்னலில் மோதியது.

அடுத்த சந்திப்பில் வகுப்பு நடத்தும் ஆலோசகர் சிரிக்காமல் இருக்கப் படாத பாடு பட்டார். "கோவத்துல இருக்கிறவகிட்ட 'பயிற்சி செய்'னு சொன்னா, 'உன் கோவம் எனக்குத் தொல்லை'ங்கற மாதிரிதான் காதுல விழும். முதல்ல அவளுக்கு என்ன வலிக்குதுன்னு உங்களுக்குப் புரியுதுன்னு சொல்லுங்க. அவ செஞ்சது சரின்னு சொல்ல வேண்டாம்."

பிறகு கை முறிந்த நாளை வெள்ளைப் பலகையில் சங்கிலியாக எழுதினார். சரியாகத் தூங்காதது ஒரு கண்ணி, குழுவிலிருந்து நீக்கியது ஒரு கண்ணி, போன் உடைந்தது ஒரு கண்ணி. கதவருகே வந்ததும் பேனாவை நிறுத்தி மகளைப் பார்த்தார். "இந்த இடத்துல உனக்கு என்ன தோணுச்சு?"

"மூச்சு முட்டுச்சு. எங்கயும் ஓடணும்னு இல்ல, மாடிப்படி வரைக்கும் போனா போதும்னு இருந்துச்சு. அம்மா மறிச்சதும் கண்ணு இருட்டிடுச்சு."

"நான் மறிக்காம விட்டா, இவ எங்க போறான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் அம்மா.

"அவளுக்கு இடம் வேணும்ங்கறதும் நிஜம், உங்க பயமும் நிஜம். ரெண்டையும் வெச்சுக்கிட்டு ஒரு வழி பாப்போம்" என்றார் ஆலோசகர்.

பேசிப் பேசி ஒரு உடன்பாட்டுக்கு வந்தார்கள். மகள் "படி" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். மூச்சிரைக்கப் படி ஏறி இறங்கலாம், கட்டடத்தைத் தாண்டக் கூடாது, அடங்கியதும் திரும்பி வர வேண்டும். அம்மா கதவில் நிற்கக் கூடாது, பின்னால் போகக் கூடாது. சாதாரண நாட்களில் இதை ஒத்திகையும் பார்த்தார்கள். ஆனால் நிஜப் புயல் வந்தால் என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரியாது.

பரீட்சை முடிந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி வந்து இறங்கினாள். தண்ணீர் கொண்டுவந்த பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள்.

"துணியெல்லாம் எடுத்து வை. பெத்தவ கைய உடைச்ச பொண்ண இங்க வெச்சுக்கிட்டு இன்னும் என்ன பாக்கறதுக்கு இருக்கு?"

மகளின் காது சிவந்தது. டம்ளரைப் பிடித்த விரல்கள் வெளுத்தன. பார்லர்க்காரி அந்த டம்ளரையே பார்த்தாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு, அண்ணியின் கண் முன்னாலேயே டம்ளர் பறக்கப் போகிறது.

மகள் டம்ளரை மேசையில் வைத்தாள். "படி" என்றாள். கதவை நோக்கி நடந்தாள்.

பாழாய்ப்போன கால்கள் பழைய பழக்கத்தில் அம்மாவைக் கதவுக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டன. "விடாத, பிடி அவள" என்று அண்ணி எழுந்தாள். மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

பார்லர்க்காரி ஒதுங்கி வழி விட்டாள்.

செருப்பில்லாத கால்கள் தடதடவென்று மேலே ஏறும் சத்தம் கேட்டது. "போயிட்டா. நல்லா வளத்திருக்க" என்றாள் அண்ணி. பார்லர்க்காரியின் நாக்கில் நான்கைந்து நல்ல பதில்கள் வரிசை கட்டி நின்றன. அத்தனையையும் விழுங்கினாள். வகுப்பில் சொன்னபடி மூச்சை மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட்டாள்.

சத்தம் இறங்கி வந்தது. வீட்டு வாசலில் நிற்காமல் கீழே போனது, இன்னும் கீழே, தெருக்கதவு வரைக்கும் போய் நின்றுவிட்டது. பார்லர்க்காரி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓட உடம்பின் ஒவ்வொரு நரம்பும் துடித்தது. எழவில்லை.

வெகுநேரம் கழித்து, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது, காலடிகள் மறுபடி ஏறி வந்தன.

மகள் வியர்வை சொட்ட உள்ளே வந்து, மூச்சு சீராகும்வரை நின்றாள். பிறகு அத்தைக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தை, நான் அம்மா கைய உடைச்சது உண்மை. நீங்க அதச் சொன்னப்ப எனக்கு அவமானமா இருந்துச்சு. நான் இங்க இருந்து இந்த வகுப்ப முடிக்கணும். அது வரைக்கும் டைம் குடுங்க. நடுவுல எப்ப வேணா வந்து பாருங்க."

"இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"வகுப்புல கத்துக்கிட்டேன். நான் இங்க இருந்து முடிக்கணும், அத்தை."

"விடுதியில இருந்தா ஒழுக்கம் வரும்."

"உங்களுக்கு என் மேல அக்கறைன்னு தெரியும். நான் இங்க இருந்து முடிக்கணும்."

குரல் ஒரு இழைகூட ஏறவில்லை. பார்லர்க்காரிக்கு நெஞ்சு விம்மியது. இவளா, என் வயிற்றில் பிறந்தவளா, நானே இப்படி ஒரு நாளும் பேசியதில்லையே! கட்டடம் முழுக்கக் கதவைத் தட்டி எல்லோரையும் கூட்டிவந்து காட்ட வேண்டும்போல் இருந்தது.

"அண்ணி, உங்க பயம் எனக்கும் இருக்கு" என்றாள். "ஆனா இவ இங்கயே இருக்கட்டும்."

அண்ணி போனை எடுத்துத் தம்பியைக் கூப்பிட்டாள். என்ன நடந்தது என்று கேட்டு அவன் மூச்சு விடாமல் கத்துவது அறை முழுக்கக் கேட்டது.

"கத்தாதடா, சொல்றதக் கேளு" என்றாள் அண்ணி. "நம்ம அப்பா கோவிச்சுக்கிட்டுப் போனா வீடு வர ஒரு வாரம் ஆகும், அதுவும் யாராவது போயி கூட்டிட்டு வரணும். நீ கப்பலேறிட்ட. நான் விடுதிக்குப் போயிட்டேன். நம்ம குடும்பத்துல கோவிச்சுக்கிட்டு வெளிய போயி, தானாத் திரும்பி வந்தவ இவ ஒருத்திதான். இவளப் போயி நான் என்னத்த திருத்தறது?"