ஒரே மாதிரி இரண்டு ஃப்ரிட்ஜ்

ஹாருனா தன் இரண்டு மனைவிகளுக்கும் ஒரே நாளில், ஒரே நிறத்தில் ஃப்ரிட்ஜ் வாங்கியவர். கானோ நகரில் இதை அவர் சொல்லிக் கேளாதவர் குறைவு.

மூத்தவள் தலாத்து, தன்னுடையதில் ஸோபோ பானத்தைக் குளிரவைத்து வாசலில் விற்றாள். மகளின் நர்சிங் படிப்பு அந்தப் பாட்டில்களால் ஓடியது.

இளையவள் லுபாபாவின் ஃப்ரிட்ஜில், கதவின் அடித்தட்டு உடைந்தது.

"அக்காகிட்டதான் அதே ஃப்ரிட்ஜ் இருக்கே" என்றாள் லுபாபா. "ஒரு தட்டு குறைஞ்சா என்ன, செத்தா போயிடுவாங்க?"

"தலாத்து, கழட்டிக் குடு" என்றார் ஹாருனா.

அது பொருந்தாது என்று தலாத்துவுக்குத் தெரியும். போன வருஷம் அவள் தட்டு உடைந்தபோது, பழைய சாமான் கடை இத்ரிஸ் சொல்லியிருந்தான்: "நிறத்தப் பாத்து வாங்காதீங்கம்மா. உள்ள, காய்கறி டிராயர் பக்கத்துச் சுவத்துல ஒட்டியிருக்கிற நம்பரக் கடைசி எழுத்து வரைக்கும் எழுதிட்டு வாங்க. உடைஞ்ச தட்டையும் கொண்டு வாங்க, அளந்து பாக்கணும்." அன்று இரண்டு ஃப்ரிட்ஜிலும் பார்த்தாள். கடைசி எழுத்து வேறு. இளையவளுடையது ஒரு விரல் குறுகல்.

"எடுத்துக்கோ" என்றாள், தட்டை மேல்நோக்கித் தூக்கிக் கழற்றிக் கொடுத்தாள்.

லுபாபாவின் கதவில் தட்டு உட்காரவில்லை.

"இடிக்குதுங்க" என்றாள் லுபாபா.

"எப்படி இடிக்கும்? ரெண்டும் ஒண்ணுதான். நான் வாங்கினது." உள்ளங்கையால் ஓங்கித் தட்டினார். தட்டு விரிசல் விட்டது. கதவின் உட்பக்கத்தோடு வார்த்திருந்த இரண்டு பிடிகளும் பிய்ந்து விழுந்தன.

தலாத்து கை கட்டி நின்றாள். தட்டு சந்தையில் கிடைக்கும். பிடி கிடைக்காது, கதவையே மாற்றணும். அவள் உதட்டோரம் சற்று அசைந்தது.

லுபாபா அதைப் பார்த்துவிட்டாள்.

"இனிமே என் கதவுல எதுவும் நிக்காதுங்க. ரெண்டும் ஒண்ணுதான்னா, மாத்திக்கலாமே? அக்காவுக்கு என்ன நஷ்டம்?"

ஹாருனா யோசித்தார். "ஆமா. என்ன வித்தியாசம்?"

தலாத்து வாயைத் திறந்தாள். என்னோடது பெரிசு, பாதிப் பாட்டில் கதவுலதான் நிக்குது என்று சொல்லலாம். தெரிந்திருந்தும் ஏன் கொடுத்தாய் என்பார். தன் அறைக்குப் போய்ப் பாட்டில்களை வெளியே எடுத்து வைத்தாள்.

மாலைக்குள் ஃப்ரிட்ஜ்கள் இடம் மாறின. பாதிப் பாட்டில்கள் தரையில் நின்று சூடாயின.

"அக்கா, இந்த டிராயர் வரமாட்டேங்குது" என்று முற்றத்துக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

அந்த டிராயரின் இடது சக்கரம் தண்டவாளத்தை விட்டு இறங்கிவிடும். முன்பக்கத்தைச் சற்றே தூக்கி, உள்ளே தள்ளி, சக்கரத்தை மேலே ஏற்றி, பிறகுதான் இழுக்க வேண்டும். அப்படியே இழுத்தால் தண்டவாளம் பிளக்கும்.

"வெடுக்குன்னு இழுடி" என்றாள் தலாத்து. "பலமா."

சத்தம் அவள் அறை வரைக்கும் கேட்டது.